பாலிசி மேல் வாங்கும் கடன்: குடும்பத்துக்கு எவ்வளவு மிஞ்சும்?

ஆயுள் காப்பீட்டு பாலிசியை அடமானமாக வைத்து, அதை விற்ற நிறுவனத்திடமே வாங்கும் கடனுக்கு பாலிசி கடன் என்று பெயர். சம்பளச் சீட்டோ ஜாமீன்தாரரோ தேவையில்லை. கடனை எதற்காகச் செலவழிக்கப் போகிறார் என்று யாரும் கேட்பதும் இல்லை. மாதத் தவணையும் கிடையாது. பாலிசிக்கு சரண்டர் மதிப்பு எவ்வளவு இருக்கிறது என்பது ஒன்றுதான் கணக்கு. நகைக்கடனை விட்டால் நடுத்தரக் குடும்பத்துக்குச் சீக்கிரம் கைக்கு வரும் பணம் இதுதான். அப்படி எளிதாகக் கிடைப்பதால், காப்பீட்டுத் தொகையில் அது என்ன செய்கிறது என்பது வாங்கும்போது அதிகம் பேசப்படுவதில்லை.

பாலிசியை முதிர்வு வரை கொண்டுபோகாமல் நடுவிலேயே முறித்துக்கொண்டால், நிறுவனம் அன்றைய தேதியில் திருப்பித் தரும் தொகைதான் சரண்டர் மதிப்பு. எல்லாப் பாலிசிக்கும் அது இருப்பதில்லை. டேர்ம் இன்ஷூரன்ஸில் கட்டும் பிரீமியம் அந்தந்த ஆண்டின் இறப்பு அபாயத்துக்கும் செலவுக்குமே பெரும்பாலும் சரியாகிவிடுவதால், சேமிப்பு என்று சொல்லும்படி எதுவும் சேர்வதில்லை. ஆகவே சாதாரண டேர்ம் பாலிசி மீது கடன் கிடையாது. பங்குச் சந்தையோடு இணைந்த யூலிப் பாலிசிகளிலும் கடன் தரப்படுவதில்லை. அவசரத்துக்கு அவற்றில் பகுதிப் பணம் எடுக்கும் வசதி ஐந்தாண்டு முடிந்தபின் வருகிறது. எண்டோமென்ட், மணிபேக், முழு ஆயுள் பாலிசி போன்று சேமிப்பும் காப்பீடும் கலந்த திட்டங்களில்தான் பாலிசி கடன் உண்டு. இப்படிப்பட்ட சேமிப்புத் திட்டங்கள் அனைத்திலும் கடன் வசதி கட்டாயம் இருக்க வேண்டும் என்று இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஜூனில் வெளியிட்ட சுற்றறிக்கையில் சொல்லிவிட்டது.

சரண்டர் மதிப்பு எப்படி உருவாகிறது என்பது தெரிந்தால் கடனின் போக்கும் எளிதாகப் புரியும். ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். 35 வயதில் ஒருவர் 5 லட்ச ரூபாய்க்கு 20 ஆண்டு எண்டோமென்ட் பாலிசி எடுக்கிறார். ஆண்டு பிரீமியம் 26,000 ரூபாய். காப்பீட்டுத் தொகையில் ஆயிரத்துக்கு 40 ரூபாய் வீதம் ஆண்டுதோறும் போனஸ் அறிவிக்கப்படுகிறது என்று கொள்வோம். அதாவது ஆண்டுக்கு 20,000 ரூபாய். இந்த போனஸ் கைக்கு வருவதில்லை, பாலிசிக் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். பிரீமியம், போனஸ் இரண்டும் கணக்குக்காக வைத்துக்கொண்ட எண்கள். உண்மையில் திட்டத்துக்குத் திட்டம், ஆண்டுக்கு ஆண்டு அவை மாறும்.

பத்து ஆண்டு முடிகிறது. கட்டியது 2,60,000 ரூபாய். இருபதில் பத்து பிரீமியம் கட்டியாகிவிட்டதால் காப்பீட்டுத் தொகையில் பாதி, அதாவது 2,50,000 ரூபாய், இவருக்கு உரிமையாகிவிட்டது. சேர்ந்த போனஸ் 2,00,000. இரண்டும் சேர்த்து 4,50,000 ரூபாய். இதுவே பெய்ட்-அப் மதிப்பு. இனி ஒரு பைசா கட்டாவிட்டாலும் முதிர்வு நாளில் இந்தத் தொகை கிடைக்கும். ஆனால் முதிர்வுக்கு இன்னும் பத்து ஆண்டு இருக்கிறது. பத்து ஆண்டு கழித்துத் தர வேண்டியதை இன்றைக்கே கேட்டால் நிறுவனம் அதைக் கழிவு போட்டுத்தான் தரும். பத்து ஆண்டு பாக்கி இருக்கும்போது அது ஏறக்குறைய பாதியாகும். ஆகவே இன்றைய சரண்டர் மதிப்பு சுமார் 2,25,000 ரூபாய். முதிர்வு நெருங்க நெருங்க இந்தக் கழிவு கரைந்து, சரண்டர் மதிப்பு பெய்ட்-அப் மதிப்பை எட்டிப் பிடிக்கும்.

இப்படிக் கணக்கிடுவதைச் சிறப்பு சரண்டர் மதிப்பு என்கிறார்கள். கட்டிய பிரீமியத்தில் இத்தனை சதவீதம் என்று பாண்டிலேயே உறுதி சொல்லும் இன்னொரு சரண்டர் மதிப்பும் உண்டு. இரண்டில் எது அதிகமோ அதுவே கணக்கில் கொள்ளப்படும். பத்து ஆண்டு ஓடிய பாலிசியில் பெரும்பாலும் சிறப்பு மதிப்பே அதிகமாக இருக்கும். 2024 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்த விதிகளின்படி, ஓராண்டு பிரீமியம் முழுதாகக் கட்டி முதலாண்டு முடிந்தாலே சிறப்பு சரண்டர் மதிப்பு உண்டு. அதற்கு முந்தைய பாலிசிகளில் இரண்டு அல்லது மூன்று ஆண்டு பிரீமியம் கட்டியிருந்தால்தான் சரண்டர் மதிப்பே பிறக்கும், கடனும் அதற்குப் பிறகுதான்.

பிரீமியம் பாக்கி இல்லாமல் நடப்பில் உள்ள பாலிசிக்கு எல்.ஐ.சி. பொதுவாகச் சரண்டர் மதிப்பில் 90 சதவீதம் வரை கடன் தருகிறது. பெய்ட்-அப் ஆகிவிட்ட பாலிசிக்கு 80 அல்லது 85 சதவீதம். சில திட்டங்களில் உச்சவரம்பு இதைவிடக் குறைவு. சரியான எண் அவரவர் பாண்டில் இருக்கும். நம் உதாரணத்தில் 2,25,000 ரூபாயில் 90 சதவீதம் 2,02,500. அவர் 2 லட்சம் வாங்குகிறார் என்போம். விண்ணப்பத்தோடு பாலிசி பாண்டைக் கிளை அலுவலகத்தில் ஒப்படைத்து, பாலிசியை நிறுவனத்தின் பெயருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். இதை அசைன்மென்ட் என்பார்கள். பிறகு பணம் வங்கிக் கணக்கில் விழுந்துவிடும்.

வட்டி பாலிசிக்குப் பாலிசி மாறும். எல்.ஐ.சி.யின் பல திட்டங்களில் அண்மை ஆண்டுகளில் 9.5 சதவீதம் வசூலிக்கப்பட்டிருக்கிறது. அரையாண்டுக்கு ஒருமுறை வட்டி கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அது அசலோடு சேர்ந்து, அதற்கும் வட்டி ஓடும். அதனால் 9.5 என்று சொல்லப்படுவது ஆண்டுக் கணக்கில் சுமார் 9.7 சதவீதமாகிவிடுகிறது. வட்டி நாள் கடன் வாங்கிய தேதியைப் பொறுத்ததல்ல. பாலிசி தொடங்கிய மாதத்தையும் அதிலிருந்து ஆறு மாதம் தள்ளிய மாதத்தையும் ஒட்டியே அது வரும். குறைந்தது ஆறு மாத வட்டி கட்டியாக வேண்டும் என்ற நிபந்தனையும் இருப்பதால், இரண்டு மாதக் கைமாற்றுக்கு இந்தக் கடன் கட்டுப்படியாகாது.

‘என் பணத்தை எனக்கே கொடுத்துவிட்டு வட்டி வேறு வாங்குகிறார்களே’ என்ற குறை கிளை அலுவலகங்களில் அடிக்கடி கேட்கும். குறை நியாயமாகத் தோன்றினாலும் கணக்கு வேறு. கடன் வாங்கியபின்னும் நம் பாலிசிதாரருக்கு 5 லட்சத்தின் மீது முழு போனஸ், ஆண்டுக்கு 20,000 ரூபாய், சேர்ந்துகொண்டுதான் இருக்கும். எடுத்த 2 லட்சத்துக்காக ஒரு ரூபாய்கூடக் குறைவதில்லை. அந்த 2 லட்சத்தை அரசுக் கடன் பத்திரத்தில் போட்டிருந்தால் நிறுவனத்துக்கு ஒரு வருமானம் வந்திருக்கும். இப்போது அந்த இடத்தில் பாலிசிதாரர் கட்டும் வட்டி உட்காருகிறது. வட்டி வாங்காமல் விட்டால் கடன் வாங்காத மற்ற பாலிசிதாரர்களின் போனஸிலிருந்துதான் அதை ஈடுகட்ட வேண்டியிருக்கும். ஆனால் பிரீமியம் நின்றுவிட்டால், சரண்டர் மதிப்பு வளரும் வேகத்தைவிடக் கடன் வட்டியின் வேகம் அதிகம் என்பதும் உண்மை. பின்னால் வரும் சிக்கல் முழுதும் இந்த வேக வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

இனி காப்பீட்டுக்கு வருவோம். கடன் வாங்கியதால் காப்பீட்டுத் தொகை காகிதத்தில் குறைவதில்லை. பாண்டில் 5 லட்சம் 5 லட்சமாகவே இருக்கும். குறைவது குடும்பத்தின் கைக்கு வரும் தொகை. இறப்பு கோரிக்கை வரும்போது நிறுவனம் முதலில் காப்பீட்டுத் தொகையையும் போனஸையும் கூட்டும். அதிலிருந்து அசலையும் அன்றைய தேதி வரையிலான வட்டியையும் கழித்துக்கொண்டு மிச்சத்தை நாமினிக்குக் கொடுக்கும்.

கடன் வாங்கி ஐந்து ஆண்டு கழித்து நம் பாலிசிதாரர் இறந்துவிடுகிறார், பிரீமியத்தை மட்டும் விடாமல் கட்டி வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடனே இல்லையென்றால் குடும்பத்துக்கு 5 லட்சமும் பதினைந்து ஆண்டு போனஸ் 3 லட்சமுமாக 8 லட்ச ரூபாய் வந்திருக்கும். அவர் அரையாண்டுக்கு 9,500 ரூபாய் வட்டியைத் தவறாமல் கட்டியிருந்தால் அசல் 2 லட்சம் போக 6 லட்சம் வரும். வட்டியே கட்டவில்லையென்றால் கடன் 3,18,000 ரூபாயாக வளர்ந்திருக்கும், வருவது 4,82,000. வாங்கியது 2 லட்சம், குடும்பம் இழந்தது 3 லட்சத்துக்கு மேல். எட்டு லட்சம் வரும் என்று நம்பியிருந்த வீட்டில் இந்த வித்தியாசம் பல நேரம் கோரிக்கைப் பணம் வரும் அன்றுதான் தெரியவருகிறது. பாலிசி விவரத்தை வீட்டில் சொல்பவர்கள்கூட அதன் மேல் வாங்கிய கடனைச் சொல்வதில்லை.

நாமினியின் உரிமை என்ன ஆகிறது என்பதையும் சட்டம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பாலிசியை வேறொருவர் பெயருக்கு எழுதிக் கொடுத்தால் நாமினி நியமனம் ரத்தாகிவிடும் என்பது 1938ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 39ஆம் பிரிவில் உள்ள பொது விதி. நிறுவனத்திடமே சரண்டர் மதிப்புக்குள் கடன் வாங்குவதற்காக எழுதிக் கொடுத்தால் இந்த விதி பொருந்தாது. நாமினி நாமினியாகவே தொடர்வார், கடன் பாக்கி அளவுக்கு மட்டும் அவர் பங்கு குறையும். பாலிசியை வங்கியில் வைத்துக் கடன் வாங்கினால் பழைய நாளில் நியமனம் அடிபட்டுப்போய், கடனை அடைத்தபின் மறுபடி நாமினி போட வேண்டியிருந்தது. 2015 திருத்தத்துக்குப் பிறகு, கடனுக்காகச் செய்யும் அசைன்மென்ட் எதுவானாலும் நியமனம் ரத்தாவதில்லை. கடன் கொடுத்தவருக்குச் சேர வேண்டியது போக மிச்சம் நாமினிக்குத்தான்.

முதிர்வு வரை அவர் உயிரோடு இருந்தால்? பத்து ஆண்டு வட்டியே கட்டாமல் விட்டிருந்தால் 2 லட்சம் கடன் சுமார் 5,06,000 ரூபாயாகியிருக்கும். முதிர்வுத் தொகை 5 லட்சமும் போனஸ் 4 லட்சமுமாக 9 லட்சம். கைக்கு வருவது 3,94,000. மகளின் கல்யாணத்துக்கென்று கணக்குப் போட்டு வைத்திருந்த பாலிசியில் பாதிக்கு மேல் கடனுக்கே போய்விட்டது. இருந்தாலும் இந்தப் பாதையில் பாலிசி சாகவில்லை. பிரீமியம் கட்டிக்கொண்டே வந்ததால் சரண்டர் மதிப்பு இருவழியாக வளர்ந்தது. முதிர்வு நெருங்கியதால் கழிவு குறைந்தது, ஒவ்வொரு பிரீமியத்தோடும் பெய்ட்-அப் மதிப்பும் போனஸும் கூடின. ஐந்தாம் ஆண்டு முடிவில் கடன் 3,18,000 என்றால் சரண்டர் மதிப்பு அதே கணக்கில் சுமார் 4,80,000 ரூபாய். இடைவெளி குறையவில்லை, விரிந்துகொண்டே போனது.

பாலிசியைக் கொல்வது வேறொன்று. கடன் வாங்கும் குடும்பம் ஏற்கெனவே பண நெருக்கடியில் இருக்கும் குடும்பம். ஆண்டுக்கு 26,000 ரூபாய் பிரீமியம் கட்டிக்கொண்டிருந்த இடத்தில் இப்போது 19,000 ரூபாய் வட்டியும் சேர்ந்து 45,000 ஆகிறது. முதலில் வட்டியை நிறுத்துவார்கள், பிறகு பிரீமியத்தையும் நிறுத்துவார்கள். பிரீமியத்துக்கு உரிய சலுகைக் காலமும் கடந்தால், நம் பாலிசி பெய்ட்-அப் ஆகிவிடும். இந்த இடத்தில் காப்பீடு இரண்டு முறை குறைகிறது. முதலில் 5 லட்சக் காப்பீடு 2,50,000 ஆகச் சுருங்குகிறது. புதிய போனஸ் சேர்வது நிற்கிறது. ஏற்கெனவே சேர்ந்த 2 லட்சத்தோடு கூட்டினால் 4,50,000. அதிலிருந்து, வளர்ந்துகொண்டே இருக்கும் கடனையும் கழிக்க வேண்டும். கடன் வாங்கி நான்கு ஆண்டில் இறப்பு நேர்ந்தால் கடன் 2,90,000 ரூபாயாக இருக்கும், குடும்பத்துக்கு வருவது 1,60,000. பிரீமியத்தை நிறுத்தாமல் வட்டியை மட்டும் விட்டிருந்தால்கூட இதே நாளில் 4,90,000 வந்திருக்கும்.

அடுத்தது முடிவு. பெய்ட்-அப் ஆனபின் சரண்டர் மதிப்பு வளர ஒரே ஒரு வழிதான் மிஞ்சுகிறது, அது முதிர்வு நெருங்குவது. 2,25,000 ரூபாய் பத்து ஆண்டில் 4,50,000 ஆக வேண்டும் என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 7.2 சதவீதம் வளர்கிறது. கடன் வளர்வதோ 9.7 சதவீதம். தொடக்கத்தில் இரண்டுக்கும் நடுவே இருந்த 25,000 ரூபாய் இடைவெளி மெல்ல அடைபட்டு, ஐந்தாம் ஆண்டு முடிவில் கடன், சரண்டர் மதிப்பு இரண்டுமே 3,18,000 ரூபாயை ஒட்டி வந்து நிற்கும். அதற்கு மேல் நிறுவனத்துக்கு ஈடு இல்லை. சரண்டர் மதிப்பைக் கடனுக்கு வரவு வைத்துக்கொண்டு பாலிசியை முடித்துவிடுவார்கள். இதை ஃபோர்குளோஷர் என்பார்கள். அதன்பின் இறப்பு நேர்ந்தாலும் முதிர்வு நாள் வந்தாலும் கிடைப்பது ஒன்றுமில்லை. பத்து ஆண்டில் 2,60,000 ரூபாய் கட்டி, 2 லட்சம் எடுத்ததோடு கணக்குத் தீர்ந்தது.

பெய்ட்-அப் பாலிசிக்குக் கடன் வரம்பு குறைவாக இருப்பதன் காரணமும் இதுதான். அங்கே இடைவெளி கூடுதலாக வேண்டும். 90 சதவீதம் கடன் வாங்கியபின் பெய்ட்-அப் ஆவதில்தான் ஆபத்து அதிகம். உச்சவரம்பு வரை வாங்காமல் சரண்டர் மதிப்பில் பாதியை மட்டும் வாங்கியிருந்தால், பிரீமியத்தை நிறுத்தி, வட்டியையும் கட்டாமல் விட்டிருந்தாலும் இந்த உதாரணத்தில் முதிர்வு வரை கடன் சரண்டர் மதிப்பைத் தாண்டியிருக்காது. 1,12,500 ரூபாய் கடன் பத்து ஆண்டில் சுமார் 2,85,000 ஆகும். பெய்ட்-அப் மதிப்பு 4,50,000. எவ்வளவு வரை கிடைக்கும் என்று கேட்பவர்கள் அதிகம், எவ்வளவு வாங்கினால் பாலிசி தாங்கும் என்று கேட்பவர்கள் குறைவு.

ஒழுங்குமுறை ஆணையம் 2019ஆம் ஆண்டு விதிமுறைகளில் இங்கே ஒரு தடுப்பைப் போட்டது. பிரீமியம் ஒழுங்காகக் கட்டி நடப்பில் இருக்கும் பாலிசியையும், பிரீமியம் முழுவதும் கட்டி முடிந்த பாலிசியையும், கடன் சரண்டர் மதிப்பைத் தாண்டிவிட்டது என்ற காரணத்துக்காக முடிக்கக் கூடாது. நடுவில் பிரீமியம் நின்ற பாலிசிகளை மட்டுமே அப்படி முடிக்கலாம். அதற்கும் முன்கூட்டித் தகவல் கொடுத்து, பாலிசியைத் தொடர நியாயமான வாய்ப்பும் தர வேண்டும். அதற்குப் பின் வந்த பாலிசிகளின் நிபந்தனைப் பக்கத்தில் இந்த வாசகத்தைக் காணலாம். அதற்கு முந்தைய பாலிசிகளில் பல, வட்டி பாக்கி ஏறி சரண்டர் மதிப்பைத் தாண்டினால் முடித்துவிடும் உரிமையை நிறுவனத்துக்குக் கொடுக்கின்றன. இருபது ஆண்டுக்கு முன் எடுத்த பாண்டு கையில் இருந்தால் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்ட வேண்டும். முன்கூட்டி வரும் தகவல் பாலிசிப் பதிவில் உள்ள பழைய முகவரிக்கும் பழைய கைபேசி எண்ணுக்கும் போய், வீடு மாறிய பாலிசிதாரருக்குக் கிடைக்காமல் போவதுண்டு.

நிலைமை எங்கே இருக்கிறது என்று அறிய இரண்டு எண்கள் போதும்: இன்றைய தேதியில் அசலும் வட்டியும் சேர்ந்த கடன் பாக்கி, இன்றைய சரண்டர் மதிப்பு. இரண்டையும் கிளையில் கேட்டு வாங்கலாம். கடன் விவரம் நிறுவனத்தின் இணையக் கணக்கிலும் தெரியும். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வரும் விகிதம் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தால் பாலிசி பிழைத்துக்கொள்ளும். ஏறிக்கொண்டே போய் 95 சதவீதத்தைத் தொட்டால் முடிவு ஓரிரு ஆண்டில் இருக்கிறது. நம் உதாரணத்தில் பிரீமியம் கட்டிய பாதையில் 89 சதவீதத்தில் தொடங்கிய இந்த விகிதம் ஐந்தாம் ஆண்டில் 66 ஆக இறங்கியது. நிறுத்திய பாதையில் 100 ஆக ஏறியது.

பணம் குறைவாக இருந்து, பிரீமியம், வட்டி, அசல் மூன்றில் ஒன்றைத்தான் கட்ட முடியும் என்ற நிலை வந்தால், காப்பீட்டைக் காப்பாற்றுவது பிரீமியம்தான். பிரீமியம் நின்றால் காப்பீடு ஒரே நாளில் பாதியாகிறது, வட்டி நின்றால் மெல்லத் தேய்கிறது. பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கடன்காரன் என்ற பெயர் வேண்டாம் என்று வட்டியைக் கட்டிவிட்டு, ‘அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று பிரீமியத்தை விடுகிறார்கள். கொஞ்சம் கூடுதலாகப் பணம் புரளும்போது வட்டியையும், போனஸோ அறுவடைப் பணமோ வரும் மாதத்தில் அசலில் ஒரு பகுதியையும் அடைக்கலாம். அசலைத் துண்டு துண்டாகக் கட்டத் தடையில்லை. கட்டும் பணம் முதலில் வட்டி பாக்கிக்குத்தான் போகும் என்பதால், பாக்கியைத் தீர்க்காமல் அசல் குறையாது.

பிரீமியம் நின்றுவிட்ட பாலிசியையும், முதல் கட்டாத பிரீமியத்திலிருந்து பொதுவாக ஐந்து ஆண்டுக்குள் புதுப்பிக்கலாம். பாக்கி பிரீமியமும் அதற்கான வட்டியும் கட்டி, உடல்நலம் பற்றிய உறுதிமொழியும் தேவைப்பட்டால் மருத்துவப் பரிசோதனையும் தர வேண்டும். கடன் வாங்கித் தவித்த ஆண்டுகளில் சர்க்கரையோ இதயநோயோ வந்திருந்தால் நிறுவனம் புதுப்பிக்க மறுக்கலாம், கூடுதல் பிரீமியம் கேட்கலாம். எல்.ஐ.சி.யில் கடனோடு சேர்த்துப் புதுப்பிக்கும் ஒரு முறையும் உண்டு. பாலிசி மீது கிடைக்கக்கூடிய கடனை எடுத்து, கையில் பணம் தராமல் அப்படியே பாக்கி பிரீமியத்துக்கு வரவு வைப்பார்கள். இதுவரை கடன் வாங்காத பாலிசிக்கு இது நல்ல வழி. ஏற்கெனவே உச்சம் வரை கடன் வாங்கிய பாலிசியில் இதற்கு இடம் மிச்சம் இருக்காது.

சரண்டர் மதிப்பு வளர்ந்ததும் மேற்கொண்டு கடன் வாங்குவதும் நடக்கிறது. இரண்டாவது கடன் கொடுக்கும்போது பழைய அசலையும் வட்டி பாக்கியையும் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார்கள். பார்வைக்கு வட்டி பாக்கி தீர்ந்ததுபோல இருக்கும். உண்மையில் அந்த வட்டி புது அசலின் ஒரு பகுதியாகிவிடுகிறது, விகிதமும் மறுபடி 90 சதவீதத்துக்கு ஏறிவிடுகிறது. சில ஆண்டுக்கு ஒருமுறை இப்படிச் செய்பவரின் பாலிசியில் நாமினிக்கு என்று சேர வேண்டிய பாதுகாப்பு எப்போதும் மெலிந்தே இருக்கும்.

மணிபேக் பாலிசியில் இன்னொரு கணக்கு குறுக்கே வரும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் தொகையை நம்பியிருப்பவர்கள், அந்தத் தொகையிலிருந்து கடன் வட்டி பாக்கியை நிறுவனம் எடுத்துக்கொள்ளும் என்பதை நினைவில் வைத்திருப்பதில்லை. திருமணமான பெண்களின் சொத்துச் சட்டம் 1874இன் கீழ் மனைவி, குழந்தைகள் பெயரில் எடுத்த பாலிசிகளின் நிலை வேறு. அவை கணவரின் சொத்தாகக் கருதப்படுவதில்லை. ஆகவே அவர் தன் தேவைக்காக அவற்றை அடமானம் வைக்க முடியாது.

கடன் நிலுவையில் இருக்கும் ஆண்டுகளில் குடும்பத்தின் பாதுகாப்பில் விழுந்த பள்ளத்தை நிரப்ப மலிவான வழி, அந்தத் தொகைக்குத் தனியாக ஒரு டேர்ம் பாலிசி எடுப்பது. 45 வயதில் நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கு, சில லட்சம் ரூபாய் டேர்ம் காப்பீட்டின் ஆண்டு பிரீமியம் இந்த 2 லட்சக் கடனின் அரையாண்டு வட்டியைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனால் சிறு தொகைக்கு டேர்ம் பாலிசி விற்க நிறுவனங்கள் ஆர்வம் காட்டுவதில்லை என்பதால், சற்றுப் பெரிய தொகைக்கே எடுக்க வேண்டியிருக்கும்.

பாலிசியைச் சரண்டர் செய்வதா, கடன் வாங்குவதா என்ற கேள்வியும் இந்த இடத்தில் எழும். சரண்டர் செய்தால் 2,25,000 ரூபாய் வரும், காப்பீடு அன்றோடு முடியும். கடன் வாங்கினால் 2 லட்சம் வரும், காப்பீடு தொடரும். வித்தியாசம் 25,000 ரூபாய்தான் என்பதால் கடனே மேல் என்று முகவர்கள் சொல்வார்கள். இனியும் பிரீமியம் கட்ட முடியும் என்பவருக்கு அது சரி. பிரீமியம் கட்ட வழியே இல்லை, வட்டியும் கட்டப்போவதில்லை என்று தெரிந்தே 90 சதவீதம் கடன் வாங்குவது, ஐந்தாண்டு கழித்து 25,000 ரூபாய் குறைவாகச் சரண்டர் செய்வதற்குச் சமம். அவர் அந்த 25,000 ரூபாயை, சுருங்கிக்கொண்டே போகும் ஐந்தாண்டுக் காப்பீட்டுக்கான விலையாகக் கொடுக்கிறார். அப்படிப் பார்த்தால் அது மோசமான விலையும் அல்ல. முதலாண்டில் இறப்பு நேர்ந்தால் பெய்ட்-அப் பாலிசியில்கூடக் குடும்பத்துக்கு 2,30,000 ரூபாய் வரும். என்ன, அது பொய்யான நம்பிக்கையில் அல்லாமல் தெரிந்து செய்த முடிவாக இருக்க வேண்டும்.

கடன் வருமானம் அல்ல என்பதால் வாங்கும்போது அதற்கு வருமான வரி கிடையாது. கடனை முழுதும் அடைத்து முடித்ததும் நிறுவனம் பாலிசியைத் திரும்ப பாலிசிதாரர் பெயருக்கே எழுதி, பாண்டைத் திருப்பித் தரும். இந்த மறு எழுத்து பாண்டில் பதிவாகியிருக்கிறதா என்று அப்போதே பார்த்து வாங்க வேண்டும். கடைசி வட்டியில் நூறு, இருநூறு ரூபாய் பாக்கி நின்றுவிட்டால் கடன் கணக்கு மூடாமல் கிடந்து, பல ஆண்டு கழித்துக் கோரிக்கை நேரத்தில் வட்டியோடு எழுந்து வரும். கணக்கு பூஜ்யமானதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்கி பாண்டோடு சேர்த்து வைத்தால், பிறகு நாமினி கிளைக்கும் வீட்டுக்குமாக அலைய வேண்டியிருக்காது.